வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை, பிள்ளைகள், அம்மா என்று மூன்று பக்கமும் ஓடுகிறேன். ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள், போதும்.

அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறதா, இல்லை உடம்பு மட்டும்தான் தளர்கிறதா? அதைப் பொறுத்துத்தான் புத்தகம்.

நினைவு தடுமாறுகிறது என்றால் நான்சி மேஸ், பீட்டர் ரேபின்ஸ் இருவரும் எழுதிய ‘தி தர்ட்டி சிக்ஸ் அவர் டே’. மறதிநோய் வந்தவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவருக்கு ஒரு நாள் என்பது 36 மணி நேரம், அதுதான் தலைப்பு. 1981-ல் முதலில் வந்தது, திருத்தித் திருத்தி இன்றும் அச்சில் இருக்கிறது. ரேபின்ஸ் மனநல மருத்துவர். ஆனால் புத்தகத்தின் குரல் ஆஸ்பத்திரியின் குரல் அல்ல. குளியலறையிலும் படுக்கையறையிலும் நடப்பதைத்தான் பேசுகிறது.

மனம் தெளிவாக இருக்கிறது, உடம்புதான் தளர்கிறது என்றால் அதுல் கவாண்டேயின் ‘பீயிங் மார்ட்டல்’ (2014). இவர் அறுவை மருத்துவர். தன் சொந்த அப்பாவின் கடைசிக் காலத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார். முதல் புத்தகம் கையேடு, இது கதைபோல ஓடும். முதலாவதை ராத்திரி படுக்கையில் வைத்துப் படிக்காதீர்கள், தூக்கம் போய்விடும். இரண்டாவதை அங்கேதான் படிக்க முடியும்.

மறதிநோய்ப் புத்தகம் வாங்கிவிட்டேன். தடிமனைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதல் பக்கத்தில் மட்டும் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். என் அம்மாவுக்கு அப்போது கேட்டதையே திரும்பக் கேட்பதும் பொருளை வைத்த இடம் மறப்பதும்தான். புத்தகத்திலோ வழி தெரியாமல் வெளியே போய்விடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, விழுங்க முடியாமல் போவது எல்லாம் வரிசையாக வந்தன. மூன்றாம் நாள் பயந்துபோய் அலமாரியில் வைத்தவள், ஒன்பது மாதம் கழித்துத்தான் எடுத்தேன்.

பிறகு கற்றுக்கொண்ட வழி இது. இந்த வாரம் எது உங்களை உட்கார்ந்து அழ வைத்ததோ, அதை ஒரே சொல்லில் எழுதுங்கள். குளியல். சந்தேகம். இரவு நடமாட்டம். புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். அது காட்டுகிற நாலைந்து பக்கங்களை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுங்கள். அடுத்த வாரம் வேறு சொல்.

எங்கள் வீட்டில் முதல் சொல் குளியல். காலை 7 மணிக்கு, நான் அலுவலகம் கிளம்புகிற அவசரத்தில், ‘வாங்கம்மா, குளிச்சிடலாம்’ என்று கையைப் பிடித்தால் அம்மா கதவு நிலையைப் பற்றிக்கொள்வார். ஒருநாள் என் மணிக்கட்டில் நகம் பதியக் கீறிவிட்டார். பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன்.

மேஸும் ரேபின்ஸும் இதற்கு வேறு விளக்கம் தருகிறார்கள். ஒரே நேரத்தில் தாங்க முடியாத அளவு விஷயங்கள் வந்து மோதும்போது பாதிக்கப்பட்ட மூளை திணறுகிறது. அந்தத் திணறல் வெளியே கத்தலாக, அடியாக, அழுகையாக வருகிறது. பார்க்கிறவருக்குப் பிடிவாதம்போலத் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள், குளியல் ஒரு வேலையா? புடவை அவிழ்க்க வேண்டும், ஈரத் தரையில் கால் வைக்க வேண்டும், தண்ணீர் சூடா என்று பார்க்க வேண்டும், சோப்பு எது என்று தெரிய வேண்டும். அதற்குள் குளிர், கூச்சம், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், பக்கத்தில் அவசரப்படுத்துகிற மகள்.

நாங்கள் மாற்றியவை சின்னச் சின்னவை. நேரத்தை 11 மணிக்குத் தள்ளினோம். அப்போது உதவிக்கு வருகிற அக்கா இருப்பார், அவசரமும் இருக்காது. தண்ணீரை முன்பே நிரப்பி வைத்தோம், சத்தம் போயிற்று. தோளில் ஒரு துண்டு போர்த்தியபடியே இருக்கும், கூச்சம் குறைந்தது. ‘குளிக்கலாமா’ என்று கேட்பதை விட்டோம். ‘எழுந்திருங்க’, ‘இங்கே உட்காருங்க’, ‘இந்தக் குவளையைப் பிடிங்க’ என்று ஒரு தடவைக்கு ஒரு சொல்தான். குவளை அவர் கையிலேயே இருந்தது பெரிய வித்தியாசம். தண்ணீரை அவரே ஊற்றிக்கொள்ளும்போது பயம் வருவதில்லை.

எல்லா நாளும் பலிக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் குளியல், மற்ற நாட்களில் ஈரத்துணியால் துடைத்துவிடுவது என்று நின்றது. தலைக்கு ஊற்றுவது மட்டும் கடைசிவரை போராட்டம்தான். அதைத் தனி நாளாக ஒதுக்கினோம். தினமும் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்று ஏற்றுக்கொள்ள எனக்குத்தான் நாளாயிற்று.

சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்கிறார். இதுதான் வீடு என்று எத்தனை தடவை சொல்வது? மறுக்காதே என்கிறது புத்தகம். அப்படியானால் பொய் சொல்வதா?

‘இதுதாம்மா உங்க வீடு’ என்று சொல்லி ஒருநாளாவது அவர் சமாதானமானாரா? ஆகியிருந்தால் தொடர்ந்து சொல்லலாம்.

‘வீடு’ என்று அவர் சொல்வது பெரும்பாலும் முகவரியை அல்ல. பயமாக இருக்கிறது, பழக்கமான எதுவும் கண்ணில் படவில்லை, களைப்பாக இருக்கிறது என்பதைத்தான் அந்தச் சொல் சுமந்து வருகிறது. அதனால் பதிலும் அந்தப் பயத்துக்குத்தான் போக வேண்டும். ‘வீட்டு ஞாபகம் வந்துடுச்சா? வீட்டில் யார் இருப்பாங்க?’ என்று கேட்டால் அது பொய் ஆகாது. என் அம்மா அவருடைய அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பத்து நிமிடத்தில் போகிற பேச்சு மறந்துவிடும். ‘நாளைக்குப் போகலாம்’ என்று நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய்தான், மறைக்கவில்லை.

அதைவிட உதவியது ஒரு பழைய நோட்டு. பத்து நாள் மூன்றே விஷயம் எழுதினேன்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அதற்கு முந்தைய அரை மணியில் என்ன நடந்தது, எதனால் நின்றது. பத்தில் எட்டு நாள் மாலை 5-லிருந்து 6-க்குள். அந்த எட்டில் ஆறு நாள் மதியத் தூக்கம் இல்லை. ஐந்து நாள் கூடத்தில் விளக்கு போடாமல் தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாலையில் குழப்பம் கூடுவது இந்த நோயில் சாதாரணம். ஆனால் எங்கள் வீட்டில் அதைக் கிளப்பிவிட்டது எது என்பது அந்த நோட்டுக்குத்தான் தெரிந்தது. நாலரை மணிக்கே எல்லா விளக்கையும் போட்டு, தொலைக்காட்சியை அணைத்து, துணி மடிக்கக் கொடுத்தோம். மடித்ததைப் பிரித்து மறுபடி கொடுத்தாலும் மடிப்பார். பிரச்சினை போய்விடவில்லை, வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது.

நேற்றுவரை ஓரளவு இருந்தவர் இரண்டே நாளில் ஆளே மாறிவிட்டார். எந்த அத்தியாயத்தைப் பார்க்க?

எதையும் பார்க்க வேண்டாம். இன்றே டாக்டரிடம் போங்கள்.

மறதிநோய் பெரும்பாலும் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இறங்குவது. மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ குழப்பம் திடீரென்று கூடினால், பகலில் எழுப்ப முடியாத தூக்கமும் நடுவில் தெளிவும் மாறி மாறி வந்தால், அது திடீர்க் குழப்பநிலையாக இருக்கலாம். மருத்துவத்தில் டெலிரியம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, தண்ணீர் போதாமை, பல நாள் மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, இப்படி ஏதாவது ஒன்று பின்னால் இருக்கலாம். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் தாங்களாக வாங்கிப் போடுகிற சில மாத்திரைகள்கூட முதியவர்களைக் குழப்பிவிடும். அதனால் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அம்மாவுக்கு ஒருமுறை இப்படி ஆனது. ‘இந்த நோய்னா அப்படித்தான் இருக்கும்’ என்று முதலில் பார்த்த இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனசு கேட்காமல் மறுநாள் வேறு இடம் போனோம். சிறுநீரில் தொற்று. மருந்து எடுத்த ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு ஏறக்குறைய வந்துவிட்டார். ‘இவருக்கு வழக்கமாக இப்படி இருக்காது, திங்கட்கிழமை மதியத்திலிருந்துதான்’ என்று நாள், நேரத்தோடு சொன்னால் டாக்டர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். மேலே சொன்ன நோட்டு இங்கேயும் கைகொடுத்தது.

அப்பாவுக்கு 81 வயது. புத்தி தெளிவு, பேச்சு தெளிவு. ஆனால் போன மாதம் விழுந்துவிட்டார். இதற்கெல்லாம் புத்தகம் உண்டா?

‘பீயிங் மார்ட்டல்’ புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க இதுதான், உடம்பு எப்படிக் கழன்றுபோகிறது என்பது. அதில் ஒரு காட்சி எனக்கு மறக்காது. முதியோர் மருத்துவர் ஒருவர் 85 வயதுப் பெண்மணியைப் பரிசோதிக்கிறார். முதுகுவலி, மூட்டுவலி, குடல் புற்றுநோய் மறுபடி வந்திருக்குமோ என்ற சந்தேகம் என்று பட்டியல் நீளம். டாக்டரோ அவர் உடை மாற்றுவதை, படுக்கையில் ஏறுவதைக் கவனிக்கிறார். கடைசியில் செருப்பையும் காலுறையையும் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கிறார், விரல் இடுக்கு உட்பட. நகம் வெட்டாமல் கிடக்கிறது. குனிய முடியவில்லை, கவனிக்கவும் ஆளில்லை என்பதை அந்த நகம் சொல்லிவிட்டது. அவருக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து புற்றுநோய் அல்ல, விழுவதுதான் என்பது டாக்டரின் முடிவு.

விழுவதற்கு மூன்று முக்கியக் காரணங்களைக் கவாண்டே சொல்கிறார்: நிதானம் தவறுவது, நான்குக்கு மேல் மருந்துகள் எடுப்பது, தசை வலுவிழப்பது. மூன்றும் இல்லாத முதியவர் ஒரு வருடத்தில் விழ 12 சதவீத வாய்ப்பு. மூன்றும் இருந்தால் கிட்டத்தட்ட நூறு.

இதைப் படித்த அன்று சாயங்காலம் என் மாமனாரிடம் போய், ‘மாமா, நகம் வெட்டி விடட்டுமா?’ என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். ‘நானே வெட்டிக்கொள்கிறேன்’ என்றவர் நகவெட்டியைக் கையில் வாங்கி, குனியப் பார்த்து, பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் காலை நீட்டினார். இடது குதிகாலில் ஒரு புண் இருந்தது. சர்க்கரை இருக்கிறவர். எத்தனை நாளாக இருந்ததோ.

நீங்கள் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். பாதத்தைப் பாருங்கள். மாத்திரைகளை எண்ணுங்கள், நான்கைத் தாண்டினால் ‘இதில் எதைக் குறைக்கலாம்?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்றும் பாருங்கள். எழ முடியவில்லை என்றால் கால் வலுவிழந்திருக்கிறது. அதற்குப் பயிற்சி சொல்லித்தர இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

‘கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று அப்பாவிடம் எப்படிக் கேட்பது? சாவைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது.

நேராக அப்படிக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதே புத்தகத்தில் சூசன் பிளாக் என்ற ஆதரவுச் சிகிச்சை நிபுணரின் கதை வருகிறது. இப்படிப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர். அவருடைய அப்பா ஜாக் பிளாக், ஓய்வுபெற்ற பேராசிரியர். 74 வயதில் கழுத்துத் தண்டுவடத்தில் கட்டி. அறுவை செய்தால் கைகால் விழுந்துவிடலாம், செய்யாவிட்டாலும் விழும். முந்தைய இரவு ஆஸ்பத்திரியில் ஊர்க்கதை பேசிவிட்டுக் கிளம்பி, வழியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மகளுக்குத் திடீரென்று உறைக்கிறது, அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று தனக்கே தெரியாது என்பது. திரும்பிப் போய், உயிரோடு இருப்பதற்காக எதுவரை தாங்கத் தயார் என்று கேட்கிறார். சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிட முடிந்து, டிவியில் கால்பந்து பார்க்க முடிந்தால் போதும், உயிரோடு இருக்கத் தயார் என்கிறார் அப்பா.

அறுவைக்குப் பிறகு ரத்தக்கசிவு. மறுபடி திறக்க வேண்டுமா என்று மகள் மூன்று நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இவர் பிழைத்தால் ஐஸ்கிரீம் சாப்பிட முடியுமா, கால்பந்து பார்க்க முடியுமா? முடியும் என்றார்கள். செய்யுங்கள் என்றார். அப்பா அதன்பின் பத்து வருடம் வாழ்ந்தார். அந்த முந்தைய இரவுப் பேச்சு இல்லாவிட்டால் தான் விட்டுவிடச் சொல்லியிருக்கக்கூடும் என்று பிளாக் சொல்கிறார். எனக்கு இந்தக் கதையில் முக்கியமே அதுதான். அப்பாவின் விருப்பத்தை நாம் ஊகித்துவிடலாம் என்று நினைக்கிறோம், நிபுணருக்கே தப்பியிருக்கும்.

புத்தகம் முன்வைக்கிற கேள்விகளை நம் பேச்சுக்கு மாற்றினால் இப்படி வரும். ‘டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்னப்பா புரிஞ்சது?’ ‘எதை நினைச்சாப் பயமா இருக்கு?’ ‘எது இல்லாம உங்களால இருக்கவே முடியாது?’ ‘அதுக்காக எவ்வளவு கஷ்டம் தாங்கத் தயார்?’ நாலையும் ஒரே நாளில் கேட்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். மாமனாரிடம் முதல் தடவை கேட்டபோது, ‘உங்க இஷ்டம்’ என்று முடித்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, உறவில் ஒருவர் செயற்கை சுவாசத்தில் கிடந்து இறந்த செய்தி வந்த அன்று, அவரே ஆரம்பித்தார்: ‘எனக்கு அப்படிக் குழாய் எல்லாம் வைக்காதீங்க. பேப்பர் படிக்க முடியணும், தானா பாத்ரூம் போகணும். அவ்வளவுதான்.’ அன்று ராத்திரியே தேதி போட்டு எழுதி, அவரிடமே படித்துக் காட்டி, என் கணவரையும் நாத்தனாரையும் படிக்க வைத்தேன். சட்டப்படி அதற்கு என்ன வடிவம் வேண்டும் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விஷயத்தில் வேறு நாட்டுப் புத்தகம் உதவாது.

சில ராத்திரிகளில் இது எப்போது முடியும் என்று தோன்றுகிறது. நினைத்தவுடன் என்மேலேயே அருவருப்பு. இதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?

எழுதியிருக்கிறார்கள், கூச்சமே இல்லாமல்.

அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ராஸ் சாஸ்ட் 2014-ல் ஒரு சித்திர நூல் கொண்டுவந்தார். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘வேறு ஏதாவது நல்லதாகப் பேசலாமே?’ சாவு, முதுமை என்று பேச்சை எடுத்தாலே அவர் பெற்றோர் நழுவிய விதம் அது. அவர் ஒரே பிள்ளை. அப்பாவின் பயங்கள், அம்மாவின் அதிகாரம், முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு கரைகிற பணம், பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோமே என்ற வெட்கம், அம்மாவோடு எப்போதுமே ஒட்டாமல் போன உறவு என்று எல்லாம் வருகிறது. கடைசிப் பக்கங்களில் கேலி முழுதாக நின்றுபோய், படுக்கையில் கிடக்கும் அம்மாவின் முகத்தைக் கோடுகளாக வரைந்திருக்கிறார். படங்கள் என்பதால் எவ்வளவு களைப்பிலும் படிக்கலாம். இரண்டு ராத்திரி போதும்.

விளக்கமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் பாலின் பாஸ். ஆள் கண் முன்னால் இருக்கிறார், ஆனால் அவர் இல்லை. இப்படிப்பட்ட இழப்புக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘தெளிவற்ற இழப்பு’ எனலாம். செத்தவருக்குச் சடங்கு உண்டு, துக்கம் விசாரிக்க ஆள் வரும். இதற்கு எதுவும் கிடையாது. ஆகவே துக்கம் முடியாமல் உறைந்து நிற்கிறது, குற்ற உணர்வாக, கோபமாக வெளியே வருகிறது என்பது அவர் வாதம். ‘அம்மா இருக்கவும் வேண்டும், இது முடியவும் வேண்டும்’ என்ற இரண்டும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்கலாம், ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்கிறார். மறதிநோய்க் குடும்பங்களுக்காகவே 2011-ல் ‘லவிங் சம்ஒன் ஹூ ஹேஸ் டிமென்ஷியா’ எழுதினார். சின்னப் புத்தகம். ஆனால் தூக்கமே வராமல், பசியே இல்லாமல், உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளலாமா என்று எண்ணம் ஓடினால் அது புத்தகத்தால் தீர்கிற விஷயமல்ல. மனநல மருத்துவரிடம் போங்கள்.

நான் மருமகள். எல்லாப் புத்தகமும் மகள், மகன் என்றே எழுதுகிறது. எனக்கு?

ஜப்பானிய எழுத்தாளர் சவாகோ அரியோஷி 1972-ல் எழுதிய நாவல், ஆங்கிலத்தில் ‘தி ட்வைலைட் இயர்ஸ்’. அகிகோ வேலைக்குப் போகிறவள், பரீட்சைக்குப் படிக்கிற மகன் இருக்கிறான். மாமியார் திடீரென்று இறந்த பிறகுதான் மாமனாருக்கு நினைவு போய்விட்டது தெரிகிறது. சொந்த மகனையே யாரோ திருடன் என்று பயப்படுகிறவர், காலமெல்லாம் தான் கடுமையாக நடத்திய மருமகளை மட்டும் அடையாளம் கண்டுகொண்டு, அவள் பின்னாலேயே வருகிறார்.

கணவன் கெட்டவன் இல்லை. அப்பாவைப் பார்த்தால் நாளை தனக்கும் இதுதானோ என்று பயம், அதனால் வேலையைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொள்கிறான். இந்த ஒதுங்கலை இவ்வளவு துல்லியமாக வேறு எங்கும் நான் படித்ததில்லை. வேலையைக் குறைத்துக்கொள்வது யார் என்ற கேள்வியே அந்த வீட்டில் எழுவதில்லை, அகிகோ குறைத்துக்கொள்கிறாள். என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, ‘வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்’ என்றார்.

நான் மகன். அப்பாவைக் கழுவிவிடுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். ஆண்கள் யாரும் இதை எழுதவில்லையா?

அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார், ‘பேட்ரிமனி’ (1991). மூளைக் கட்டியால் தளர்ந்த அப்பா ஒருநாள் குளியலறையில் கட்டுப்பாடு இழந்துவிடுகிறார். தரை, சுவர், துணி எல்லாம். மகன் அவரைக் கழுவிப் படுக்க வைத்துவிட்டு, ஒவ்வொரு மூலையாகத் துடைக்கிறான். பிள்ளைகளிடம் சொல்லாதே என்கிறார் அப்பா. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த மகன் உலகத்துக்கே எழுதிவிட்டான். எனக்கு அதில் ஒரு நெருடல் இன்னும் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு வேறு புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தர ஏதாவது?

தனியாக வாங்க வேண்டாம். மறதிநோய்ப் புத்தகத்திலேயே சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதோடு, பார்த்துக்கொள்கிற நீங்களே படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்பதற்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நடுவயதில் இருக்கிற எல்லோரும் தள்ளிப் போடுவது அதைத்தான். நானும் எனக்கு ஆபரேஷன் தேதி குறித்த பிறகுதான் திறந்தேன்.

பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

நாவல், நினைவுக்குறிப்பு என்றால் தாராளமாக. கையேடு என்றால் கிடைக்கிறதில் புதியது. குளியல், சந்தேகம், அலைச்சல் பற்றிய பக்கங்கள் பழசானாலும் கெடாது. மருந்து, பரிசோதனை பற்றிய பக்கங்கள் கெட்டுப்போகும். 2021-ல் வந்த ஏழாம் பதிப்பில்கூட, அதற்குப் பிறகு ஆரம்பநிலை அல்சைமருக்கு அனுமதி பெற்ற லெக்கனிமாப் மருந்து இருக்காது. காப்பீடு, அரசு உதவி, சட்டம் பற்றிய அத்தியாயங்கள் எழுதியவரின் நாட்டுக்கு மட்டும் பொருந்தும், அப்படியே புரட்டிவிடுங்கள். ‘மறதிநோயை முழுதாகக் குணமாக்கலாம்’ என்று அட்டையிலேயே போட்டிருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம். அப்படி ஒரு வழி இதுவரை கிடையாது.

தம்பி வெளியூரில் இருக்கிறான். ‘அம்மா போனில் நல்லாத்தானே பேசுறாங்க’ என்கிறான். புத்தகம் அனுப்பினால் படிக்க மாட்டான்.

முழுப் புத்தகம் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். சாஸ்ட் புத்தகத்தில், ரொம்ப நாள் போகாமல் இருந்துவிட்டுப் பெற்றோர் வீட்டுக்குப் போகிற இடம் ஆரம்பத்திலேயே வரும். எல்லாவற்றின் மேலும் ஒரு பிசுக்கு. ஒரு வாரத் தூசி அல்ல அது, வருடக் கணக்கில் யாரும் துடைக்காததால் வருவது. ஃபோனில் கேட்காதது அந்தப் பிசுக்கில் தெரிந்துவிடுகிறது. அந்த இரண்டு பக்கத்தை மட்டும் என் தம்பியிடம் காட்டி, ‘அடுத்த தடவை வந்தா அம்மாகிட்ட பேசுறதுக்கு முன்னாடி அடுப்படியைப் பாரு’ என்றேன். வந்தான். அடுப்படிக்குப் போனான், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குளிர்பெட்டிக் கதவைத் திறந்து பிடித்தபடியே என்னைக் கூப்பிட்டான். உள்ளே அம்மாவின் மூக்குக்கண்ணாடி, பீரோ சாவி, நான் போன வாரம் முழுக்கத் தேடிய ரத்த அழுத்த மாத்திரை.